வாக்குவம் நிற்காத டிரான்ஸ்பார்மர்: சார்ஜ் செய்வதற்குள் பட்ட பாடு

தூத்துக்குடி பக்கம் ஒரு தொழிற்சாலையில் 110/11 கே.வி., 16 எம்.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் ஒன்றைச் சார்ஜ் செய்து கொடுத்துவிட்டு இப்போதுதான் ஊர் திரும்பினேன். இறக்கியது, புஷிங் ஏற்றியது, ரேடியேட்டர் மாட்டியது எல்லாம் சொன்ன நேரத்தில் முடிந்தன. ரேஷியோ, வைண்டிங் ரெசிஸ்டன்ஸ், மேக்னடிக் பேலன்ஸ் எதிலும் சிக்கல் இல்லை. உயிரை வாங்கியது வாக்குவம்தான்.

ஆயில் நிரப்புவதற்கு முன் டேங்க்கை 1 டாருக்குக் கீழே இறக்கி, அப்படியே பல மணி நேரம் வைத்திருக்க வேண்டும். ஆயில் பில்டர் மெஷினின் வாக்குவம் பம்பை ஓட்டினோம். மெஷின் பக்கத்து கேஜ் 0.5 டார் காட்டியது. ஆபரேட்டருக்கு ஒரே சந்தோஷம். மெஷின் பக்கத்து கேஜை நம்பாதீர்கள். அது பம்பின் வாயில் இருக்கும் வாக்குவத்தைத்தான் சொல்லும். நீளமான ஹோஸுக்கு அந்தப் பக்கம் டேங்க்கில் என்ன இருக்கிறது என்பது வேறு கதை. டேங்க் மேல்மூடியில் தனியாக ஒரு கேஜ் வைத்துப் பார்த்தபோது அரை டாரெல்லாம் இல்லை, 1 டாருக்கு வருவதற்கே மூக்கால் அழுதது.

சரி என்று வால்வை அடைத்து, பம்பை நிறுத்தி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுத்தோம். 1.0, 2.2, 3.5, 4.7, 5.9. ஆபரேட்டர், "ஈரம் வெளிய வருது சார், ராத்திரி பூரா ஓட்டினா தன்னால இறங்கிடும்" என்றார். தயாரிப்பாளர் அனுப்பிய என்ஜினியரும் போனில் அதையே சொன்னார். எனக்கு மனசு ஒப்பவில்லை. பேப்பரிலிருந்து ஈரம் வந்தால் ஆரம்பத்தில் வேகமாக ஏறும், அப்புறம் ஏற்றம் மெல்ல மெல்லக் குறைந்து ஓரிடத்தில் படுத்துவிடும். இங்கே ரீடிங்கைக் கட்டத்தாளில் குறித்தால் ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல நேர்கோடு. நேர்கோடு என்றால் லீக். இதில் பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் உண்டு. லீக்கோடு ராத்திரி பூரா பம்ப் ஓடினால், கடற்கரை ஊர்க் காற்றை டேங்க்குக்குள் இழுத்து நல்ல இன்சுலேஷன் மேலேயே விட்டுக்கொண்டிருப்போம். காய வைக்கப் போய் நாமே நனைத்த கதையாகிவிடும்.

டேங்க்கில் நைட்ரஜன் ஏற்றி, லேசான பிரஷரில் சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்த்தோம். மேன்ஹோல், புஷிங் அடி, வால்வு பிளேஞ்ச் எல்லாம் சுத்தமாக இருந்தன. ஒரு பகல் முழுக்கத் தேடியும் குமிழ் இல்லை. கடைசியில் ஹெச்.வி. டரெட்டின் பக்கவாட்டில் சி.டி. செகண்டரி வயர்கள் வெளியே வரும் சின்னப் பெட்டியின் மூடியைக் கழற்றினோம். உள்ளே டெர்மினல் போர்டில் ஒரே ஒரு ஸ்டட்டின் அடியில் கடுகளவு குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. ஓ-ரிங் நசுங்கி ஒருபக்கம் பிதுங்கியிருந்தது. மழைக்காக மூடி போட்ட பெட்டி என்பதால் வெளியே எவ்வளவு சோப்புத் தண்ணீர் அடித்தாலும் தெரியாது. நீங்கள் லீக் தேடும்போது அந்த மூடிகளை முதலிலேயே கழற்றிவிடுங்கள்.

அடுத்த கூத்து, மாற்று ஓ-ரிங். பேக்கிங் லிஸ்டில் இருக்கிறது, பெட்டியில் இல்லை. "அனுப்பிட்டோமே சார்" என்பதுதான் கிடைத்த ஒரே பதில். அது வந்து சேரும்வரை டேங்க்கை நைட்ரஜன் பிரஷரிலேயே காத்தோம். மாற்றும்போதும் பிரஷரை முழுதாக இறக்கிவிடாமல், உள்ளிருந்து மெல்லிய காற்றோட்டம் வெளியே வரும்படி வைத்துக்கொண்டுதான் ஸ்டட்டைக் கழற்றினோம். திரும்ப வாக்குவம் இழுத்தபோது கோடு அழகாக வளைந்து படுத்தது. இந்த முறை அது நிஜமாகவே ஈரம். ஓட்ட ஓட்டக் குறைந்தது.

இடையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். லோடில் ஓடும்போதே டேப் மாற்றும் ஓ.எல்.டி.சி. இருக்கும் டிரான்ஸ்பார்மர் என்றால், வாக்குவம் போடுவதற்கு முன் டைவர்ட்டர் அறைக்கும் மெயின் டேங்க்குக்கும் இடையே ஈக்வலைசிங் பைப் போட்டிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். ஒருபக்கம் மட்டும் வாக்குவமானால் நடுவில் இருக்கும் சிலிண்டர் பழுதாகும் அபாயம் உண்டு. வேலை முடிந்ததும் அந்தப் பைப்பைக் கழற்றி மூடவும் மறக்கக் கூடாது.

ஐம்பது பேரலுக்கு மேல் ஆயில். சூடாக்கி, அடிப்பக்க வால்வு வழியாக நிரப்பினோம். நிரப்பியபின் அடியில் இழுத்து மேலே விட்டு, 60 டிகிரியில் சுற்ற விட்டோம். இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸைச் சொல்லும் மெகர் ரீடிங்கைப் பார்த்து அங்கிருந்த எலக்ட்ரிகல் மேனேஜர் பதறிவிட்டார். 30 டிகிரியில் 2000 மெகாஓம் இருந்தது, 60 டிகிரியில் 260-க்கு வந்துவிட்டது. "என்னங்க, ஓட்ட ஓட்டக் கெடுதே?" என்றார். பத்து டிகிரி ஏறினால் மதிப்பு ஏறக்குறைய பாதியாகும், அந்தக் கணக்குப்படி 250 வர வேண்டியதுதான் என்று எழுதியே காட்டினேன். பார்க்க வேண்டியது, அதே 60 டிகிரியில் அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது, அப்புறம் மெல்ல ஏறி 400-ஐத் தாண்டி அங்கேயே நிலைத்தது. அதற்குப் பிறகுதான் சர்க்குலேஷனை நிறுத்தினோம்.

ஆயில் ரிப்போர்ட் இன்னொரு தலைவலி. இந்த வோல்டேஜுக்கு, ஐ.இ.சி. 60422 கணக்கில், சார்ஜுக்கு முன் ஈரம் 10 பி.பி.எம்.முக்கு மேல் போகக் கூடாது, ஆயில் தாங்கும் வோல்டேஜான பி.டி.வி. 60 கே.வி.யைத் தாண்ட வேண்டும். சைட்டில் எங்கள் கிட்டில் பி.டி.வி. 70-க்கு மேல். லேபிலிருந்து ஈரம் 34 பி.பி.எம். என்று வருகிறது! இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்கச் சாத்தியம் குறைவு. விசாரித்தால், சாம்பிள் எடுத்த பையன் காலி மினரல் வாட்டர் பாட்டிலைத் துடைத்து அதில் பிடித்து அனுப்பியிருக்கிறான். திரும்ப, வால்விலிருந்து இரண்டு லிட்டர் வெளியே விட்டு, கண்ணாடி சிரிஞ்சை அதே ஆயிலில் அலசி, குமிழ் இல்லாமல் இழுத்து அனுப்பியதும் 6 பி.பி.எம். வந்தது. ரிப்போர்ட்டை நம்பி மறுபடி மெஷினை ஓட்டியிருந்தால் டீசல்தான் தண்டம்.

ஒரு நாள் முழுக்க ஆயிலைச் சும்மா அமர விட்டு, மின் ஆய்வாளர் அனுமதியும் கையில் வந்தபின், 11 கே.வி. பிரேக்கரைத் திறந்து வைத்து 110 பக்கம் சார்ஜ் செய்தோம். ரிலே எதுவும் விழவில்லை, சத்தம் சீரான ரீங்காரம். கையைத் தட்டிவிட்டுச் சாப்பிடப் போனோம்.

அன்று ராத்திரியே, டேங்க்கிலிருந்து மேலேறும் வாயுவைப் பிடிக்கும் புக்கோல்ஸ் ரிலேயின் அலாரம். எல்லோர் முகத்திலும் ஈ ஆடவில்லை. சேர்ந்த வாயுவை சிரிஞ்சில் எடுத்தோம். நிறமில்லை, வாடையில்லை, தள்ளி எடுத்துப் போய்த் தீ காட்டினால் எரியவும் இல்லை. ஆயிலில் கரைந்த வாயுவையும் சோதிக்கக் கொடுத்தோம். சார்ஜுக்கு முன்பே டி.ஜி.ஏ. சாம்பிள் எடுத்து வைத்திருந்ததால் ஒப்பிட முடிந்தது, மாற்றம் ஏதுமில்லை. வெறும் காற்றுதான். சப்ளையை நிறுத்தி ஒவ்வொரு ரேடியேட்டராகப் பார்த்ததில், ஒன்றின் தலையில் ஏர் பிளக் மேல் பெயின்ட் தடவி மூடியிருந்தது. காற்று விடும்போது யாரும் அதைத் திறக்கவேயில்லை. திறந்ததும் புஸ்ஸென்று ஒரு மூச்சு, பிறகு ஆயில்.

மறுபடி சார்ஜ் செய்தபின் ஒருமுறை அலாரம் வந்தது, அடுத்தது வெகுநேரம் கழித்து வந்தது, அத்தோடு நின்றுவிட்டது. இப்படி இடைவெளி கூடிக்கொண்டே போனால் மிச்சக் காற்றுதான். இடைவெளி குறைந்துகொண்டு வந்தாலோ, வாயு எரிந்தாலோ, யார் அவசரப்படுத்தினாலும் சப்ளையை எடுத்துவிடுங்கள்.