டயர் படத்தில் ஒரு தேதி எண்ணைச் சோதித்த அனுபவம்

சென்ற ஆண்டு என் காருக்கு 185/65 R15 88H அளவில் நான்கு டயர்கள் வாங்க முற்பட்டபோது, வியாபாரி ஒருவர் வாட்ஸ்அப்பில் படங்களை அனுப்பினார். நான்கிலும் ஒரே பிராண்டு, ஒரே மாடல். DOT என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நான்கு எண்கள் எல்லாவற்றிலும் 1424, அதாவது 2024ஆம் ஆண்டின் 14ஆவது வாரம். இந்தத் தேதி பெரும்பாலும் டயரின் ஒரு பக்கச் சுவரில்தான் முழுமையாக இருக்கும் என்பதால், மறுபக்கத்தின் படத்தில் அது இல்லாததை நான் குறையாகக் கொள்ளவில்லை.

பளிச்சென்று ஃபிளாஷ் போட்டு நேராக எடுத்த படத்தில் மேடும் பள்ளமும் தெரியாது. ஆகவே டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டிலிருந்து சாய்த்துப் பிடித்து, DOT வரிசை முழுவதும் ஒரே படத்தில் வரும்படி மறுபடியும் எடுத்து அனுப்பச் சொன்னேன். தேதிக்கான சிறிய தகட்டை டயரை வார்க்கும் அச்சில் அவ்வப்போது மாற்றிப் பொருத்துவதால், அதன் விளிம்பு எண்களைச் சுற்றி மெல்லிய கோடாக ரப்பரில் பதிந்துவிடும். மூன்று டயர்களில் அந்தக் கோடும், அதற்குள் மேடாக எழும்பிய எண்களும் தெளிவாக இருந்தன. நான்காவதில் கோடு இல்லை. எண்கள் உள்ளே அமுங்கியிருந்தன. சுற்றிலும் தேய்த்த கீறல்கள், ‘1’ சற்றே சாய்வு. லேசரால் பொறிக்கப்பட்ட எண்களும் அமுங்கித்தான் இருக்கும் என்பதால், அமுங்கியிருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், ஒரே வாரத்தில் தயாரானதாகச் சொல்லப்பட்ட மற்ற மூன்றோடு அது ஒத்துப்போகாததையே பெரிதாக எடுத்துக்கொண்டேன்.

அடுத்து, ஐஎஸ்ஐ முத்திரையோடு இருந்த CM/L என்ற உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் BIS Care செயலியில் போட்டுப் பார்த்தேன். உரிமம் அந்த நிறுவனத்தின் பெயரிலேயே இருந்தது. இங்கேதான் பலர் நிம்மதியடைந்து ஏமாறுகிறார்கள் என்று நினைக்கிறேன், ஏனெனில் டயர் அசலாகவே இருந்து, அதன் வயது மட்டும் பொய்யாக இருக்கலாம்.

அந்தச் சந்தேகத்தில், பக்கச் சுவரின் மேலோரத்தில், தேய்மான அளவுகோல் இருக்கும் இடத்தைக் காட்டும் TWI குறிக்கு நேரே, தரையில் படும் பரப்பிலுள்ள பள்ளத்தைக் குனிந்து படமெடுக்கச் சொன்னேன். அங்கே அடியில் சுமார் 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு ரப்பர் தடுப்பு பள்ளத்தின் குறுக்கே நிற்க வேண்டும். மற்ற மூன்றிலும் அது நின்றது. நான்காவதில் நடுவே அறுபட்டு, பள்ளத்தின் சுவர்களில் கத்தி ஓடிய அலையலையான தடம் தெரிந்தது. ஓடித் தேய்ந்த டயரின் பள்ளத்தை மறுபடி வெட்டி ஆழமாக்கி, தேதியையும் மாற்றியிருக்கிறார்கள் என்பது அதன் பிறகு எனக்கு உறுதியாயிற்று. “கம்பெனியிலிருந்தே அப்படித்தான் வந்தது, சார்” என்றார் வியாபாரி.

வெட்டும்போது உள்ளே கம்பி வலைக்குச் சேதம் ஏற்பட்டிருக்கிறதா என்பதைப் படத்தில் பார்க்க முடியாது. ஆகவே அந்த டயரை எந்த விலைக்கும் வாங்க முடியாது என்று சொல்லிவிட்டு, மற்ற மூன்றையும் கடைக்கே சென்று, உட்புறத்தில் பழைய பஞ்சர் ஒட்டு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்த பிறகே பணம் கொடுத்தேன்.