25ஆவது பாரில் நான் ஏமாந்த கதை: ஒரு மினுயெட்டைப் பிரித்துப் பார்த்த அனுபவம்

கீபோர்டு கற்றுக்கொள்ளும் யாரும் தாண்டிப் போக முடியாத பாட்டு, ஜி மேஜர் மினுயெட் என்ற பழைய நடன இசை. ஆன்னா மாக்டலேனா பாஹின் 1725ஆம் ஆண்டு நோட்டுப் புத்தகத்தில் இருப்பதால் பாஹ் எழுதியது என்றே வெகுகாலம் நம்பினார்கள். எழுதியவர் கிறிஸ்டியன் பெட்சோல்ட் என்பது 1970களில்தான் தெரிய வந்தது. தேட வேண்டிய எண் BWV Anh. 114. விரல்களுக்குப் பழகிவிட்ட பிறகு, இதன் வடிவத்தைப் பிரித்துப் பார்க்கலாம் என்று இரண்டு கலர் பென்சிலோடு உட்கார்ந்தேன்.

முதலில் ரிபீட் கோடுகள். மொத்தம் 32 பார், அதாவது 32 தாளக் கட்டங்கள். 16 பார் முடிந்ததும் ஒரு ரிபீட், மீதி 16 முடிந்ததும் இன்னொன்று. ஆக, இரண்டு பகுதி, பைனரி. இரண்டு நிமிஷத்தில் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்து இரண்டாம் பகுதியில் ஆரம்ப மெட்டு திரும்ப வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால் அது ரவுண்டட் பைனரி. அதாவது பகுதிகள் இரண்டுதான், ஆனால் இரண்டாவதன் கடைசியில் தொடக்க மெட்டு வீட்டுக்குத் திரும்பியிருக்கும். 25ஆவது பாருக்கு வந்ததும் "இதோ!" என்று சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டேன். முதல் பார் போலவே இதுவும் மேல் டி-யில் தொடங்கி ஜி-க்கு இறங்குகிறது. காதுக்கும் வீடு வந்து சேர்ந்த மாதிரி இருந்தது.

மறுநாள் அந்த இரண்டு பாரை மட்டும் மாற்றி மாற்றி வாசித்ததில் குட்டு உடைந்தது. முதல் பாரில் டி-க்குப் பிறகு ஜி, ஏ, பி, சி என்று படியேறுகிறது. 25இல் டி, ஜி, எஃப் ஷார்ப், ஜி. ஏறவே இல்லை, நின்ற இடத்தில் ஆடுகிறது. திரும்பி வந்தது கீ, அதாவது பாட்டின் ஸட்ஜம் மட்டும்தான், மெட்டு இல்லை. இந்த வித்தியாசம் புத்தகத்தில் படித்தபோது எனக்கு ஏறவில்லை, வட்டத்தை அழிரப்பரால் தேய்க்கும்போதுதான் ஏறியது.

சரி, கீ எங்கே போய்விட்டுத் திரும்பியது? 20ஆவது பாரைப் பாருங்கள். அதுவரை வெறும் சி ஆக இருந்தது அங்கே சி ஷார்ப் ஆகிறது. நம் ஊர்க் காதுக்குச் சொன்னால், ஜி-யை ஸட்ஜமாக வைத்தால் சுத்த மத்யமம் பிரதி மத்யமம் ஆகிறது. அதோடு நிற்காமல் 24ஆவது பாரில் பாட்டு பஞ்சமத்தையே புது ஸட்ஜமாக்கி டி-யில் உட்கார்ந்துவிடுகிறது. அடுத்த எட்டு பாரும் வீடு திரும்பும் வழி.

இன்னொரு குழப்பமும் இருந்தது. பைனரியில் முதல் பகுதி முடியும்போதே டி-க்குப் போயிருக்கும் என்று படித்திருந்தேன். இதில் அப்படி இல்லை. 8ஆவது பாரில் கேள்வி கேட்டது போல அந்தரத்தில் நிற்கிறது, 16இல் பதில் சொல்வது போல ஜி-யிலேயே முடிகிறது. டி-க்கான பயணம் முழுக்க இரண்டாம் பகுதியில்தான். பல பாட்டுகளில் புத்தகம் சொன்னபடி நடக்கும் என்பது உண்மை. ஆனாலும் கோட்டுக்கு முந்தின பாரை வாசித்துப் பார்க்காமல் எழுதாதீர்கள்.

அப்படியென்றால் முதல் பகுதி, வேறொரு பகுதி, மறுபடி முதல் பகுதி என்று மூன்றாக வரும் டெர்னரி எங்கே? பக்கத்து வீட்டில். நோட்டுப் புத்தகத்தில் இதை அடுத்தே ஜி மைனரில் இன்னொரு மினுயெட் இருக்கிறது, Anh. 115. அதுவும் 32 பார், அதுவும் பெட்சோல்ட் எழுதியது. இரண்டும் ஜோடி: மேஜரை வாசித்து, மைனரை வாசித்து, மறுபடி மேஜர். ஒவ்வொன்றும் உள்ளுக்குள் பைனரி, சேர்த்துக் கேட்டால் டெர்னரி. நடுவில் வருவது தானே தொடங்கித் தானே முடியும் தனிப் பாட்டாக இருப்பதுதான் அடையாளம். ரவுண்டட் பைனரியின் நடுப்பகுதி அப்படி இல்லை, திரும்பி வரும் மெட்டோடு ஒரே ரிபீட்டுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும்.

நடுவில் வரும் இந்த இரண்டாவது நடனத்துக்குத்தான் பிற்பாடு ட்ரியோ என்ற பெயர் நிலைத்தது. பழைய பிரெஞ்சு வழக்கத்தில் அதை மூன்று வாத்தியங்கள், பெரும்பாலும் இரண்டு ஓபோவும் ஒரு பஸூனும், வாசிக்கும். பெயர் மட்டும் தங்கிவிட்டது: மோட்சார்ட்டின் 'ஐனே க்ளைனே நாஹ்ட்மியூசிக்' மினுயெட்டில் ட்ரியோவையும் மொத்தக் குழுவே வாசிக்கிறது. அசல் ரவுண்டட் பைனரி கேட்க ஆசையிருந்தால் அந்த ட்ரியோவையே கேளுங்கள். எட்டு பார் மெட்டு, நாலு பார் வேறு, பிறகு அதே எட்டு பார்.

நேற்று ஜோடியை முழுசாக வாசித்தேன். முதல் சுற்றில் எல்லா ரிபீட்டும் உண்டு, கடைசியில் மேஜருக்குத் திரும்பும்போது வழக்கப்படி ரிபீட் கிடையாது. கணக்குப் போட்டால் 160 பார். என் புத்தகத்தில் இரண்டும் தனித்தனிப் பக்கங்களில், தனித்தனிப் பாட்டாக அச்சாகியிருக்கின்றன. மைனரின் கடைசி பாருக்குக் கீழே "முதலுக்குப் போ" என்று பென்சிலால் நானே எழுதிக்கொண்டேன்.