செவலையின் முதுகில் ஏறும் தீனி

ஆகஸ்ட் 4, கொடுங்கையூர்

போன டிசம்பரில் செவலை கன்று போட்டபோது பார்த்தவர்களெல்லாம் "மாடு நல்லா கொழுகொழுன்னு இருக்கு" என்றார்கள். பத்தாம் நாள் தவிட்டையும் புண்ணாக்கையும் முகர்ந்துவிட்டு வைக்கோலை மட்டும் மென்றது. மூச்சில் பழம் அழுகின மாதிரி ஒரு இனிப்பு வாடை. பால் பாதியாகிவிட்டது. மாதவரத்திலிருந்து வந்த டாக்டர் கீட்டோசிஸ் என்று சொல்லி குளுக்கோஸ் ஏற்றினார். கொழுத்த மாடு கன்று போட்டதும் தீனியைக் குறைத்துக்கொள்ளும், அந்த நேரத்தில் பாலுக்காக உடம்புக் கொழுப்பு மொத்தமாகக் கரைந்து ஈரலை அடைக்கும் என்று விளக்கினார். கிளம்பும்போது அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "இது இப்ப வந்த நோய் இல்லம்மா. நாலு மாசம் முன்னாடி நீங்க போட்ட தீனி."

அந்த நாலு மாசம் இந்த வருஷம் இப்போதுதான் ஆரம்பம். செவலைக்குக் கறவை எட்டாம் மாசம், சினை ஐந்து மாசம். பால் ஒரு நாளைக்கு 5 லிட்டர்.

உடம்பில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்று மதிப்பெண் போட, காலையில் அதைச் சமதரையில் நிறுத்திப் பார்த்தேன். முதலில் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். முன்னால் இடுப்பெலும்பு, பின்னால் வாலடியில் புட்ட எலும்பு, இரண்டுக்கும் நடுவே தொடை மூட்டு. இந்த மூன்றையும் இணைக்கும் கோடு முக்கோணமாக மடிந்தால் மதிப்பெண் 3 அல்லது அதற்குக் கீழே. பிறை போல வளைந்தால் 3.25 அல்லது மேலே. செவலைக்குப் பிறை.

அப்புறம் பின்னால் நின்று இரண்டு நார்களைப் பார்க்க வேண்டும். ஒன்று முதுகெலும்பிலிருந்து இடுப்பெலும்புக்குப் போவது, மற்றது வாலடியிலிருந்து புட்ட எலும்புக்கு. இரண்டும் தெளிவாகத் தெரிந்தால் 3.25. வாலடி நார் மங்கினால் 3.5. அது மறைந்து, இடுப்பு நாரும் மங்கினால் 3.75. இரண்டுமே தெரியாவிட்டால் 4. செவலைக்கு வாலடி நார் இல்லவே இல்லை. கை வைத்து அழுத்தினால் மெத்தை. இடுப்பு நார் நிழல் போலத் தெரிகிறது. 3.75 என்று சுவரில் சாக்பீஸால் எழுதிவிட்டேன்.

வயிற்றைப் பார்த்து ஏமாறக்கூடாது. தண்ணீர் குடித்த மாடும் சினை மாடும் பக்கவாட்டில் பெருத்துத்தான் தெரியும்.

ஆகஸ்ட் 6

உச்சக் கறவையில் போட்ட 5 கிலோ அடர்தீவனம்தான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. உடம்புக்கு ஒன்றரை கிலோ, இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ என்று கணக்குப் போட்டால் மூன்றரைதான் வருகிறது. கொஞ்சம் இளைக்கவும் வேண்டும் என்பதால் மூன்றுக்கு இறக்க முடிவு செய்தேன், வாரத்துக்கு அரை கிலோவாக. வைக்கோலும் பசும்புல்லும் குறையாது.

அத்தைக்கு மனசே இல்லை. "பால் குறையுதுன்னா தீனிய ஏத்துவாங்க. நீ இறக்குறியே."

பால் குறைவது சினையாலும் கறவை முதிர்ந்ததாலும். இந்த நேரத்தில் மிஞ்சும் தீனி மடிக்குப் போகாது, முதுகுக்குத்தான் போகும் என்று சொல்லி, அத்தையின் கையைப் பிடித்து வாலடியில் வைத்தேன். கொஞ்ச நேரம் தடவிவிட்டு, "சரி, ஒரு மாசம் பாப்போம்" என்றார்.

செப்டம்பர் 5

3.5. வாலடி நார் மங்கலாக எட்டிப் பார்க்கிறது. பால் 4 லிட்டர், எப்படியும் இறங்கியிருக்கும். அத்தை இதைக் காரணம் காட்டவில்லை.

அதே தொட்டியில் தின்னும் கருப்பிக்கு நேர்மாறான கதை. கன்று போட்டு 40 நாள், 13 லிட்டர் கறக்கிறது. கன்று போட்டபோது 3.25, இன்று 2.5. கோடு முக்கோணம், இடுப்பெலும்பு கூர், புட்ட எலும்பின் முனையும் கூர், மேலே கையில் மட்டும் சிக்கும் மெல்லிய கொழுப்பு. அரை மதிப்பெண்ணுக்கு மேல் இறங்கினால் சினை பிடிப்பது தள்ளிப்போகும். அதனால் அதன் தீனியை ஆறரை கிலோவரை மெல்ல ஏற்றி, நாலு வேளையாகப் பிரிக்கிறேன். ஒரே வேளையில் கொட்டினால் வயிற்றில் அமிலம் ஏறும். இரண்டுக்கும் ஒரே வாளி என்பது இன்றோடு நின்றது.

அக்டோபர் 12

செவலைக்குப் பால் வற்றவைக்கும் நாள். 3.5-லேயே நிற்கிறது. அத்தை இப்போது எனக்கு மேலே போய்விட்டார்: "இன்னும் கொஞ்சம் இளைக்க வைக்கலாமா?" கூடாது. வற்றுக்காலத்தில் இளைக்கவைத்தால் கன்று போடுவதற்கு முன்பே கொழுப்பு கரைய ஆரம்பித்துவிடும். போன வருஷம் பட்டதையே வாசல் வரை அழைத்து வருவது அது. இளைக்கவைக்கும் காலம் கறவையின் கடைசி மாசங்கள்தான். இனி வைக்கோல், கொஞ்சம் புல், ஒரு கிலோ அடர்தீவனம், தாது உப்புக் கலவை. கடைசி இரண்டு வாரம் மட்டும் இரண்டு கிலோ.

டிசம்பர் 13

விடியற்காலை மழையில் கிடேரிக் கன்று. செவலை 3.5. நஞ்சுக்கொடி நாலு மணி நேரத்தில் விழுந்துவிட்டது.

டிசம்பர் 23

பத்தாம் நாள். மூச்சருகே முகத்தை வைத்துப் பார்த்தேன். வைக்கோல் வாடைதான். தவிட்டுத் தொட்டியை நக்கித் துடைத்திருக்கிறது. இரண்டு நாளுக்கு அரை கிலோ கூட்டி வருகிறேன்.

ஜனவரி 12

3.0. கோடு முக்கோணமாகிவிட்டது, ஆனால் இடுப்பெலும்பு இன்னும் உருண்டைதான். ஒரு மாசத்தில் அரை மதிப்பெண் இறக்கம், அதற்கு மேல் விடமாட்டேன். பால் 10 லிட்டர். சுவரில் அத்தையே எழுதினார்.