ஐந்து பேர் 3 போட்டார்கள், ஒருவருக்கும் தெரியவில்லை

எங்கள் அணியில் ஏழு பேர். யாருக்கு என்ன வேலை தெரியும் என்று ஒரு திறன் அட்டவணை போட ஒரு வாரம் போதும் என்று நினைத்தேன், ஆறு வாரம் இழுத்தது. அதில் முதல் மூன்று வாரம் அப்படியே வீண், அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

இடப்பக்கம் பெயர்கள், மேலே திறன்கள், கட்டத்தில் 0 முதல் 4 வரை மதிப்பெண். 2 என்றால் பக்கத்தில் ஆள் இருந்தால் செய்வார், 3 என்றால் தனியாகச் செய்வார், 4 என்றால் சொல்லியும் கொடுப்பார். மேல் வரிசையில்தான் கோட்டை விட்டேன். 'டேட்டாபேஸ்', 'சர்வர்' என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிட்டு, மதிப்பெண்ணை அவரவரையே போடச் சொன்னேன். டேட்டாபேஸுக்கு ஐந்து பேர் 3 போட்டார்கள். அந்த வாரமே பேக்கப்பிலிருந்து தரவை மீட்க வேண்டி வந்தது. வழக்கமாக அதைச் செய்யும் எங்கள் அணியின் மூத்தவர் விடுப்பில் இருந்தார், அந்த ஐந்து பேரில் ஒருவர்கூட அதைச் செய்ததே இல்லை! குவெரி எழுதத் தெரிந்ததற்குத்தான் 3 போட்டிருந்தார்கள், அவர்கள்மேல் தப்பில்லை. கடைசியில் விடுப்பில் இருந்தவரையே போனில் பிடித்தோம்.

இதற்கு நடுவில் மனிதவளப் பிரிவிலிருந்து ஒருவர், வருடாந்தர மதிப்பீட்டுக்கு அந்தத் தாளைக் கேட்டார். அது காதில் விழுந்த அன்றே பல 2கள் 3 ஆகிவிட்டன. தாளைச் சம்பளத்தோடு சேர்க்க மாட்டோம் என்று மேலாளரிடம் எழுத்தில் வாங்கிய பிறகுதான் மறுபடி தொடங்கினேன். இதை முதல் நாளே வாங்கிவிடுங்கள்.

இரண்டாம் முறை திறன்களை எடுத்துவிட்டு வேலைகளை எழுதினேன்: பேக்கப்பிலிருந்து மீட்பது, சர்வர் சான்றிதழ் புதுப்பிப்பது, மாதக் கடைசி பில்லிங் ஓட்டுவது என்று மொத்தம் 14. மதிப்பெண் கேட்கவில்லை, "கடைசியாக எப்போது தனியாகச் செய்தீர்கள்?" என்று மட்டும் கேட்டேன். ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் 2. அப்புறம் ஒவ்வொரு வேலைக்கும் 3, 4 வாங்கியவர்களை எண்ணினேன். ஐந்து வேலைகளில் ஒரே ஆள்தான், அதில் நான்கில் அதே மூத்தவர்.

ஐந்தையும் ஒன்றாகத் தொடவில்லை. நின்றுபோனால் உடனே அடிபடுவது எது என்று பார்த்து மீட்பு வேலையை எடுத்தோம். அணியின் இளையவர் ஒருமுறை மூத்தவரோடு உட்கார்ந்து பார்த்தார், மறுமுறை மூத்தவர் கீபோர்டைத் தொடாமல் பக்கத்தில் இருந்தார். மூன்றாம் முறை, சோதனை சர்வரில், மூத்தவர் அறையிலேயே இல்லை. அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. எழுதி வைத்த குறிப்பின்படி போன இளையவர் ஆறாவது படியில் நின்றுவிட்டார், பேக்கப்பைத் திறக்கும் சாவிக் கோப்பு மூத்தவரின் சொந்தக் கணக்கில் மட்டும் இருந்தது. பக்கத்தில் மூத்தவர் இருந்தபோதெல்லாம் பேச்சுவாக்கில் கொடுத்துவிட்டதால் யார் கண்ணிலும் படவில்லை. கோப்பைப் பொது இடத்துக்கு மாற்றி, குறிப்பைத் திருத்தி, முழுதாக ஒருமுறை தனியாக மீட்ட பிறகுதான் இளையவருக்கு 3 போட்டேன்.

போன மாதம் மூத்தவர் எட்டு நாள் விடுப்பில் இருந்தார். நடுவில் ஒரு மீட்பு வேலை வந்தது, அவருக்கு யாரும் போன் போடவில்லை. பில்லிங் இன்னும் அவர் ஒருவர் கையில்தான், வருகிற மாதக் கடைசியில் அவரோடு இன்னொருவர் உட்காருகிறார்.