நாமன்றி நாளேது: அண்ணாமலையில் ஒரு பௌர்ணமி

அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்த அன்று ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்றபடி அம்மா வேண்டிக்கொண்டது, அண்ணாமலையில் ஒரு பௌர்ணமி கிரிவலம். அப்பா நன்றாகத் தேறிவிட்டார். ஆனால் அம்மாவின் முழங்கால் 14 கிலோமீட்டர் தாங்காது. அதனால் அவள் பேரில் நான் நடந்தேன். துணைக்கு வந்த பெரியம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. ஆனாலும் பௌர்ணமி கிரிவலத்தை விடாதவர்.

சாயங்காலமே போய்ச் சேர்ந்து ரமணாசிரமத்தில் உட்கார்ந்தோம். பகவான் ரமணரின் சமாதி முன் தமிழ்ப் பாராயணம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் பாக்கியம், அன்றைக்கு ‘உள்ளது நாற்பது’ என்ற நூல். அடியவர் முருகனார் கேட்டுக்கொண்டதற்காக 1928-ல் பகவான் வெண்பாக்களாக அருளியது. பெரியம்மாவுக்கு மனப்பாடம். அவரோடு சேர்ந்து முணுமுணுத்துக்கொண்டிருந்த நான், பதினைந்தாம் பாட்டில் நின்றுவிட்டேன்.

“நிகழ்வினைப் பற்றி இறப்பெதிர்வு நிற்ப” என்று தொடங்கும் பாட்டு அது. இறப்பு என்கிற போன காலமும் எதிர்வு என்கிற வரும் காலமும் நிகழ்காலத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. நடந்தபோது அதுவும் நிகழ்காலம்தான், நடக்கப்போவதும் நடக்கும்போது நிகழ்காலம்தான். இன்றின் உண்மையை அறியாமல் மற்ற இரண்டையும் அறியப் பார்ப்பது, ஒன்று என்பதே தெரியாமல் எண்ண நினைப்பது போல என்கிறார் பகவான்.

என் அலுவலகத்தில் மூச்சைக் கவனிக்கும் பயிற்சி ஒன்று சொல்லித் தருகிறார்கள். இந்தக் கணத்தில் இரு, நேற்றையும் நாளையையும் விடு என்பதுதான் அதன் சாரம். 1979-ல் அமெரிக்காவில், மசாசூசெட்ஸில், தீராத வலியோடு வாழும் நோயாளிகளுக்காக ஆரம்பித்த முறையின் வழியில் வந்தது. எனக்கு அது உதவியிருக்கிறது. அப்பா ஐ.சி.யு.வில் இருந்த இரவுகளில் அதைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். இந்தப் பாட்டும் அதையே சொல்வதாகத்தான் பலரும் எழுதுகிறார்கள். பெரியம்மாவிடம் கேட்டேன்.

“பதினைஞ்சை மட்டும் தனியா எடுத்துக்காதேடி. முன்னாடி பதினாலு இருக்கு, பின்னாடி பதினாறு இருக்கு” என்றார்.

அதற்குள் கிளம்ப வேண்டியதாயிற்று. ராஜகோபுரத்தில் கும்பிட்டுவிட்டு நடக்கத் தொடங்கியபோது தெரு முழுக்கத் தலைகள்தான் தெரிந்தன. “ஸ்பெஷல் தரிசனம், க்யூவே கிடையாது, காசு மட்டும் குடுங்க” என்று ஒருவர் அக்னி லிங்கம் வரை கூடவே வந்தார். சாமியிடம் போகும் வழியை விலை பேசுகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அப்புறம் பத்தடிக்கு ஒரு ஒலிபெருக்கி, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பாட்டு.

யம லிங்கம் தாண்டியதும் பாதம் காந்த ஆரம்பித்தது. பகல் வெயில் குடித்த தார்ச்சாலை ராத்திரியிலும் சூடு விடவில்லை. நிருதி லிங்கத்துக்கு அப்புறம் ஓரமாக நடக்கலாம் என்று இறங்கினால் சரளைக்கல். பயிற்சியில் கற்றதைச் செய்தேன். குதிகால் படுகிறது, விரல் அழுந்துகிறது, எரிகிறது, அவ்வளவுதான். உண்மையாகவே வலி பாதியாகக் குறைந்தது. ஆனால் நாலடிக்கு ஒருமுறை கவனம் நழுவும், திரும்ப இழுத்து வைப்பேன். ஆதி அண்ணாமலை கோயில் வாசலில் உட்கார்ந்து காலை நீவிக்கொண்டே பெரியம்மாவிடம் இதைச் சொன்னேன்.

“வலி வருது, போகுது. கவனம் வருது, போகுது. வருது போகுதுன்னு சொல்றது யாரு? அது எப்போ வந்தது?” என்று கேட்டார்.

பதினான்காம் பாட்டு அங்கேதான் எனக்குத் திறந்தது. தன்மை இருந்தால்தான் முன்னிலையும் படர்க்கையும் என்கிறது அது. நான் என்று ஒருவன் கிளம்பினால்தான் நீயும் அவனும் உண்டு. அந்த ‘நான்’ எது என்று ஆராய்ந்தால் முன்னிலை படர்க்கை இரண்டும் முடிந்துபோய், எஞ்சி ஒளிர்வது ஒன்றே. அதே அமைப்பில்தான் பதினைந்தில் நிகழ்வையும் இறப்பையும் எதிர்வையும் வைக்கிறார். ஆக, பகவான் காட்டும் ‘இன்று’ மூன்று காலங்களில் நடுவே இருக்கும் ஒன்று அல்ல. நான் சாலையில் கவனித்த கணம் நழுவிக்கொண்டே இருந்தது. அதைக் கவனிக்க ஒரு ‘நான்’ வேண்டியிருந்தது, முயற்சி வேண்டியிருந்தது, அதற்கு ஆரம்பமும் முடிவும் இருந்தன. அந்த ‘நான்’ இந்த உடம்பு என்று இருக்கும்வரை காலத்துக்குள்தான் இருக்கிறது. பதினாறாம் பாட்டு அதை அப்படியே சொல்கிறது. “நாமன்றி நாளேது நாடேது”. நாம் உடம்பென்றால் நாளுக்குள்ளும் நாட்டுக்குள்ளும் அகப்படுவோம். நாம் உடம்பா என்ன? இன்றும் அன்றும் என்றும் நாம் ஒன்றே.

1896-ல் மதுரையில், பதினாறு வயதில், சாவு பயம் பிடித்தபோது பகவான் செய்ததும் இதைத்தான். பயத்தைக் கவனித்து ஆற்றிக்கொள்ளவில்லை. பிணம் போல் படுத்து, சாவது எது, நான் எது என்று உள்ளே பார்த்தார். அன்றைக்குத் தெரிந்தது அப்புறம் விடவே இல்லை என்று அவரே சொல்லியிருக்கிறார்.

விடியற்காலையில் கோயிலுக்குள் போனோம். மணிக்கணக்கில் வரிசை, பின்னாலிருந்து முழங்கையால் இடி, குழந்தைகளின் அழுகை. சந்நிதி வாசல் வந்தது. உள்ளேயிருந்து அந்த வெக்கை முகத்தில் அடித்தது. கற்பூரத் தட்டு ஒருமுறை மேலே போனது, லிங்கத்தின் நெற்றியில் விபூதிப் பட்டையும் நாகாபரணத்தின் ஓரமும் தெரிந்தன. என்ன வேண்ட வந்தேன் என்பதே நினைவில் இல்லை. அப்பா பெயர்கூட வாயில் வரவில்லை. “நகருங்க, நகருங்க” என்று தோளைப் பிடித்துத் தள்ளியபோதுதான் நான் என்று ஒருத்தி அங்கே இருப்பதே தெரிந்தது. கண்ணீர் நிற்கவில்லை.

பிரகாரத்தில் உட்கார்ந்ததும் பெரியம்மா ஒரு கதை சொன்னார். பகவான் அடிக்கடி சொன்னதாம். கங்கைக் கரையில் ஒரு யோகி, சீடனிடம் தண்ணீர் கேட்டுவிட்டு நிஷ்டையில் ஆழ்ந்துவிட்டார். காலம் காலமாக அப்படியே இருந்தார். சீடனும் போய்விட்டான். கண் விழித்ததும் அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, “தண்ணீர் எங்கே?” மனம் ஒடுங்கியிருந்ததே தவிர அழியவில்லை. அந்தத் தாகம் விட்ட இடத்திலேயே காத்திருந்தது. நேரம் போனது தெரியாமல் இருப்பது வேறு, காலமே இல்லாதது வேறு. முன்னதை லயம் என்பார் பகவான். எழுந்தபின் பழைய எண்ணம் அதே இடத்தில் தொடர்கிறதா என்று பார்த்தால் எது எதுவென்று தெரிந்துவிடும்.

எனக்கு அடுத்த நிமிஷமே செருப்பு எங்கே விட்டோம் என்ற கவலை வந்தது. அதனால் சந்நிதியில் கிடைத்ததைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனால் அது அவன் கொடுத்தது. நாலடிக்கு ஒருமுறை இழுத்து வைத்த கவனத்தால் வரவில்லை, நானாகப் பிடித்து வைக்கவும் முடியவில்லை.

1950-ல் உடம்பு தளர்ந்து அன்பர்கள் அழுதபோது, போகிறேன் என்கிறார்களே, எங்கே போவேன், இங்கேதான் இருக்கிறேன் என்றார் பகவான். பதினாறாம் பாட்டைத்தான் வேறு விதமாகச் சொன்னார் என்று இப்போது தோன்றுகிறது. நாளும் நாடும் அவரைப் பிடிக்காதபோது போவதற்கு இடம் ஏது?

அம்மாவுக்குப் போன் செய்து வேண்டுதல் முடிந்தது என்றேன். அவள் அப்பாவிடம் போனைக் கொடுத்தாள். “கால் ரொம்ப வலிக்குதாம்மா?” என்று கேட்டார். அந்தக் குரலைத் திருப்பிக் கொடுத்தாயே, என் அப்பனே அருணாசலா, உனக்கு எத்தனை முறை சுற்றி வந்து நன்றி சொல்வேன்!