வினாக்கொத்தின் அல்பாவைக் கையால் கணித்துப் பார்த்தபோது

கல்வி முதுமாணி ஆய்வுக்காகத் தரம் 10 மாணவரின் கணிதப் பதற்றத்தை அளக்க 12 கூற்றுகள் கொண்ட ஒரு வினாக்கொத்தைத் தயாரித்திருந்தேன். 'ஒருபோதும் இல்லை' என்றால் 1, 'எப்போதும்' என்றால் 5. தென்மராட்சியில் ஒரு பாடசாலையில் 40 பேரிடம் நிரப்பி வாங்கிய தாள்களோடு மேற்பார்வையாளரிடம் போனபோது, எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளிவிவர மென்பொருள் பக்கம் போகவே அவர் விடவில்லை.

"அது இலக்கத்தைத் தரும் பிள்ளை. அந்த இலக்கம் எங்கயிருந்து வந்தது எண்டு வாய்மொழிப் பரீட்சையில கேட்டா என்ன சொல்லுவீர்? முதல்ல அஞ்சு தாளை எடுத்து, நாலு கூற்றை மட்டும் கையால செய்துகொண்டு வாரும்."

அவர் கேட்டது குரொன்பாக் 1951இல் எழுதிய கட்டுரையால் பெயர்பெற்ற அல்பாக் குணகத்தை. ஒரு வினாக்கொத்தின் கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் காட்டும் இலக்கம் அது. சூத்திரம் சின்னது:

```
α = (k / (k − 1)) × (1 − ΣVi / Vt)
```

k என்பது கூற்றுகளின் எண்ணிக்கை. ΣVi என்பது ஒவ்வொரு கூற்றின் மாறற்றிறனையும் தனித்தனியே கண்டு கூட்டியது. Vt என்பது மாணவர்களின் மொத்தப் புள்ளிகளின் மாறற்றிறன்.

நான் எடுத்த முதல் மூன்று கூற்றுகள் பதற்றத்தைச் சொல்பவை: கணிதப் பாடவேளை தொடங்கும்போதே மனம் பதறும், கரும்பலகையில் கணக்குச் செய்யக் கூப்பிட்டால் கை நடுங்கும், வினாத்தாளைக் கண்டதும் தெரிந்த கணக்கும் மறந்துபோகும். நான்காவதை வேண்டுமென்றே எதிர்த்திசையில் எழுதியிருந்தேன்: கணக்குச் செய்யும்போது மனம் நிம்மதியாக இருக்கும். வாசிக்காமலே ஒரே நிரலில் கோடு போட்டுக்கொண்டு போகும் பிள்ளைகளைப் பிடிக்க இப்படி ஒன்றிரண்டு வைப்பது வழக்கம். இத்தகைய கூற்றின் புள்ளியை 6இலிருந்து கழித்துத் திருப்ப வேண்டும். 2 என்பது 4 ஆகும். திருப்பாவிட்டால் என்ன நடக்கும் என்று பார்க்க இரண்டு விதமாகவும் கூட்டினேன்.

| மாணவர் | கூ.1 | கூ.2 | கூ.3 | கூ.4 (திருப்பாமல்) | மொத்தம் | கூ.4 (திருப்பி) | மொத்தம் |
|---|---|---|---|---|---|---|---|
| அ | 5 | 4 | 5 | 2 | 16 | 4 | 18 |
| ஆ | 4 | 4 | 3 | 2 | 13 | 4 | 15 |
| இ | 3 | 2 | 3 | 3 | 11 | 3 | 11 |
| ஈ | 2 | 3 | 2 | 4 | 11 | 2 | 9 |
| உ | 1 | 2 | 2 | 4 | 9 | 2 | 7 |

ஒவ்வொரு கூற்றுக்கும் இடை 3. விலகல்களை வர்க்கித்துக் கூட்டினால் முறையே 10, 4, 6, 4 வருகிறது. ஐந்து பேர் என்பதால் 4ஆல் வகுக்க, மாறற்றிறன்கள் 2.5, 1, 1.5, 1. கூட்டினால் 6.

நான்காம் கூற்றைத் திருப்பினாலும் திருப்பாவிட்டாலும் அதன் மாறற்றிறன் 1தான். 6இலிருந்து கழிப்பது எண்களின் பரம்பலைத் தலைகீழாக்குமே தவிர, விரிவைத் தொடாது. ஆகவே கூற்றுகளை ஒவ்வொன்றாக எவ்வளவு நேரம் பார்த்தாலும் பிழை தெரியாது. அது தெரிவது மொத்தப் புள்ளியில்.

திருப்பிய பிறகு மொத்தங்களின் இடை 12, விலகல் வர்க்கங்களின் கூட்டுத்தொகை 80, ஆகவே மாறற்றிறன் 20. அல்பா = 4/3 × (1 − 6/20) = 0.93. திருப்பாத நிரலிலும் இடை அதே 12தான். ஆனால் வர்க்கங்களின் கூட்டுத்தொகை 28, மாறற்றிறன் 7. அல்பா = 4/3 × (1 − 6/7) = 0.19. பதறும் பிள்ளை மூன்று கூற்றில் ஏறி நான்காவதில் இறங்குகிறாள், பதறாத பிள்ளை அதற்கு மாறாக. மொத்தத்தில் எல்லாரும் நடுவில் வந்து நெருங்கிவிடுகிறார்கள்.

சூத்திரம் என்ன கேட்கிறது என்பது இந்த இடத்தில்தான் எனக்கு வெளித்தது. கூற்றுகளுக்கிடையே எந்தத் தொடர்பும் இல்லையென்றால் மொத்தத்தின் மாறற்றிறன், தனி மாறற்றிறன்களின் கூட்டுத்தொகைக்குச் சமமாக இருக்கும், அல்பா பூச்சியம். கூற்றுகள் சேர்ந்து ஏறி இறங்கினால், ஒவ்வொரு சோடியின் இணைமாறற்றிறனும் இருமடங்காக அதில் வந்து சேரும். மேலே 20இல் 14 அப்படி வந்தது. திருப்பாதபோது 7இல் 1 மட்டுமே. k / (k − 1) எதற்கு என்றால், நான்கு கூற்றும் அச்சொட்டாக ஒரே புள்ளியைப் பெற்றால் தனிக் கூட்டுத்தொகை 4 மடங்கு, மொத்தம் 16 மடங்கு. விகிதம் 1/4 என்பதால் அடைப்புக்குள் 3/4 வரும். அதை 1 ஆக்கவே 4/3.

எக்செலில் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எண்ணிக்கையில் ஒன்று குறைத்து வகுக்கும் VAR.Sஐக் கூற்றுகளுக்குப் போட்டால் மொத்தத்துக்கும் VAR.S. முழு எண்ணிக்கையாலும் வகுக்கும் VAR.Pஐ இரண்டுக்கும் போட்டாலும் விடை மாறாது, வகுக்கும் எண் வெட்டுப்பட்டுவிடும். கலந்தால்தான் வில்லங்கம்: மேலுள்ள தரவில் மொத்தத்துக்கு மட்டும் VAR.P போட்டால் 20 என்பது 16 ஆகி, 0.93க்குப் பதில் 0.83 வரும். அது பார்வைக்கு நல்ல இலக்கம்தான், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

ஐந்து பேரின் 0.93ஐ நம்ப முடியாது. அது வழியைக் காட்ட மட்டும். 40 தாள்களையும் 12 கூற்றுகளையும் போட்டபோது, தேவையானவற்றைத் திருப்பிய பின், தனிக் கூட்டுத்தொகை 13.8, மொத்த மாறற்றிறன் 52.4. அல்பா 0.80. பலரும் சொல்லும் 0.70 எல்லையைத் தாண்டியதில் எனக்குத் திருப்தி. சேருக்கு இல்லை. "ஒவ்வொரு கூற்றா எடுத்துப்போட்டுப் பாரும்" என்றார்.

'ரியூசனில் படித்தால்தான் கணிதம் விளங்கும்' என்ற கூற்றை எடுத்ததும் அல்பா 0.84 ஆனது. அந்தக் கூற்றின் மாறற்றிறன் 1.9. ஆனால் அதை எடுத்தபோது மொத்தத்தின் மாறற்றிறன் 52.4இலிருந்து 50.8க்குத்தான் இறங்கியது, அதாவது 1.6. தன் சொந்த விரிவைக்கூட அது மொத்தத்துக்கு முழுதாகக் கொடுக்கவில்லை. மற்றக் கூற்றுகளோடு சற்றே எதிர்ப்பக்கம் இழுத்திருக்கிறது. யோசித்தால் காரணம் தெரியும். இங்கே பயமுள்ள பிள்ளையும் ரியூசனுக்குப் போகிறது, பயமில்லாத பிள்ளையும் போகிறது. அந்தக் கூற்று பதற்றத்தை அல்ல, ஊர் வழக்கத்தை அளந்தது.

அடுத்து அவர் விரல் வைத்தது எதிர்மாறான ஒன்றில். கரும்பலகைக் கூற்றோடு 'எல்லாருக்கும் முன்னால் கணக்குச் செய்யச் சொன்னால் உடல் நடுங்கும்' என்றும் ஒன்று இருந்தது. ஒன்றுக்கு 5 போட்டவர் மற்றதற்கும் 5 போடுவார். இணைமாறற்றிறன் கூடும், அல்பாவும் கூடும், பதற்றத்தைப் பற்றிப் புதிதாக ஒன்றும் தெரியவராது. ஒரே கேள்வியைச் சொல் மாற்றி ஆறு தரம் கேட்டால் 0.95ஐயும் எட்டலாம். மறுதலையாக, வகுப்பறைப் பயம், பரீட்சைப் பயம் என்று இரண்டு தனித்தனிக் கூட்டங்கள் உள்ளே இருந்தாலும், கூற்றுகள் நிறைய இருந்தால் அல்பா உயர்வாகவே வரும். ஒரே பண்பைத்தான் அளக்கிறோமா என்பதற்குக் காரணிப் பகுப்பாய்வு வேண்டும். அதற்கு 40 பேர் காணாது.

இரட்டைக் கூற்றுகளில் இரண்டாவதை நீக்கினேன். 10 கூற்றுகள், தனிக் கூட்டுத்தொகை 10.8, மொத்த மாறற்றிறன் 43.0, அல்பா 0.83. இலக்கம் சற்றுக் குறைந்தாலும் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தில் இதையே எழுதினேன். முன்னோடிப் பரீட்சிப்பின் 40 பேரை வைத்துக் கண்டது என்றும், நீக்கிய இரண்டு கூற்றுகளை ஏன் நீக்கினேன் என்றும் அதே பந்தியில் சேர்த்திருக்கிறேன்.