மஞ்சள் கறையும் மூன்று சட்டைகளும்

சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமத்தில், மே மாதத்தில் நடந்த படப்பிடிப்பு. திருவிழா முடிந்த மறுநாள் மஞ்சள் நீராட்டு. மேளத்துக்கு ஆடிக்கொண்டிருக்கும் தாய்மாமன் மேல் அக்கா மகள் ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரை ஊற்றுகிறாள். எல்லாரும் சிரிக்கிறார்கள், பிறகு பழைய பேச்சு ஒன்று கிளம்பி அது சண்டையாகிறது. கதையில் இது மொத்தம் அரை மணி நேரம். எங்களுக்கு ஐந்து நாள்.

கூட்டம் முதல் இரண்டு நாளுக்குத்தான். அதனால் ஆட்டம், தண்ணீர் ஊற்றுவது, சண்டையின் ஒய்ட் ஷாட் எல்லாம் முதலில். குளோசப்பும், ஒருவர் தோளுக்குப் பின்னாலிருந்து மற்றவரை எடுக்கும் சஜஷனும் மூன்றாம் நாளிலிருந்து. அதாவது, முதல் நாள் ஊற்றிய தண்ணீரின் ஈரத்தோடு ஒரு மனிதர் நான்காம் நாளும் நின்று பேச வேண்டும். நான் அப்போது காஸ்ட்யூமில் உதவியாளன். ஒரு ஷாட்டில் இருந்த தோற்றம் அடுத்ததிலும் மாறாமல் இருக்க, பார்த்து ஒப்பிடுவதற்கான கன்டினியூட்டி படம் எடுப்பது என் வேலை.

மாமாவுக்கு ஒரே தானில் வெட்டித் தைத்த வெள்ளைப் பருத்திச் சட்டை மூன்று. காலரின் உள்பக்கம் 1, 2, 3 என்று மார்க்கரில் எழுதியிருந்தேன். மூன்றையும் ஒரே எண்ணிக்கையில் துவைத்து எடுத்து வந்திருந்தோம். ஒன்று இரண்டு முறை துவைத்ததாகவும் இன்னொன்று புதுசாகவும் இருந்தால் வெள்ளைக்குள்ளேயே வித்தியாசம் தெரியும்; புதுசு விறைப்பாக நிற்கும், பழசு தோளில் படியும். இதுவரைக்கும் சரி.

முதல் நாள் இரவு ஒன்பது மணிக்கு எங்கள் காஸ்ட்யூமர் அண்ணன் கூப்பிட்டார். "தம்பி, ஒண்ணாம் நம்பர் சட்டையை வந்து பாரு." துணி துவைக்கிற பையன், பேக்கப் ஆனதும் எல்லாத் துணியையும் எடுக்கிற பழக்கத்தில் அதையும் எடுத்து சோப்புப் போட்டுவிட்டான். மஞ்சளில் சோப்பு பட்டால் என்ன ஆகும் என்று வீட்டில் துணி துவைக்கும் யாருக்கும் தெரியும். நெஞ்சு முழுக்கச் செங்கல் நிறம். சோப்பின் காரத்துக்கு மஞ்சள் சிவக்கும், புளிப்பு பட்டால் திரும்பும். நிறையத் தண்ணீரில் அலசி, எலுமிச்சம்பழம் பிழிந்து ஊற வைத்தோம். மஞ்சள் திரும்பி வந்தது. ஆனால் வெளிறிப்போய், ஓரம் கலைந்து, எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று தெரியாத மஞ்சளாக வந்தது. அதை வெயிலில் காயப் போட்டிருந்தால் மிச்சமும் போயிருக்கும். மஞ்சள் நிறத்துக்கு வெயில் ஆகாது.

"போட்டோவைக் காட்டு, பார்த்துப் போட்டுக்கலாம்" என்றார் அண்ணன். போனை எடுத்தேன். அன்று மாமாவை மட்டும் பதினான்கு படம் எடுத்திருந்தேன். முன்பக்கம், முதுகு, இரண்டு பக்கவாட்டு, கை மடிப்பு, கழுத்துச் செயின், எல்லாம் சுத்தமாக. எல்லாமே காலையில், ஷாட்டுக்கு முன்னால். தண்ணீர் விழுந்த பிறகு ஒரு படம்கூட இல்லை. கட் சொன்னதும் நான் துண்டை எடுத்துக்கொண்டு ஓடியிருந்தேன்.

அண்ணன் திட்டவில்லை. "நீ ஆளை எடுத்திருக்கே, சீனை எடுக்கலை" என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம்.

எடுத்த ஷாட்டுகளைப் படப்பிடிப்பு இடத்திலேயே ஒட்டிப் பார்க்கும் ஸ்பாட் எடிட்டர் தயவில் பிழைத்தோம். தண்ணீர் விழும் மிட் ஷாட்டிலிருந்தும் அடுத்த ஷாட்டிலிருந்தும் நான்கு ஃபிரேம் எடுத்துக் கொடுத்தார். இடது தோளில் தொடங்கி, பாக்கெட்டைப் பாதி நனைத்து, மூன்றாவது பட்டன் வரை ஒரு நாக்கு இறங்கியிருந்தது. வலது காலரில் தெறித்த மூன்று புள்ளிகள். சட்டையில் மங்கலாக மிஞ்சியிருந்த ஓரத்தையும் ஃபிரேமையும் வைத்து, புத்தகத்துக்கு அட்டை போடும் கண்ணாடித் தாளைச் சட்டை மேல் விரித்து, கறையின் கோட்டை மார்க்கரால் வரைந்தேன். பட்டன் இருக்கும் இடங்களையும் பாக்கெட் விளிம்பையும் அதே தாளில் குறித்துக்கொண்டேன். அவைதான் அடுத்த சட்டையில் தாளைச் சரியாக உட்கார வைக்கும்.

அப்புறம் மஞ்சள் தூளைத் தொடவே இல்லை. துணிக்குத் தீட்டும் மஞ்சள் பெயிண்டில் பழுப்பு ஒரு துளி விட்டு, தண்ணீராகக் கரைத்து 2, 3 நம்பர் சட்டைகளில் தீட்டினோம். முதல் முயற்சி மானிட்டரில் எலுமிச்சைத் தோல் மாதிரி தட்டையாகத் தெரிந்தது. காரணம் ஓரம். கரைசல் துணியில் பரவிக் காயும்போது நிறத்தை விளிம்புக்குத் தள்ளிக்கொண்டு போகும். காபிக் கறையைப் பார்த்தால் தெரியும், நடு வெளிறியும் ஓரம் அழுத்தமாகவும் இருக்கும். ஓரத்தில் மட்டும் இன்னொரு கை தீட்டி, காய்ந்ததும் உள்பக்கமாக இஸ்திரி போட்டோம். இனி சோப்பானாலும் சரி, எலுமிச்சையானாலும் சரி, கறை நகராது. ஒவ்வொரு நாளும் துவைத்துப் போடலாம்.

கறை முடிந்தது என்றால், ஈரம் தொடங்கியது. நனைந்த துணி காய்ந்ததைவிட ஒரு படி கறுத்துத் தெரியும். வெள்ளைப் பருத்தி நனைந்தால் உள்ளிருக்கும் பனியனும் தெரியும். முதல் நாள் அவர் கையில்லாத பனியன் போட்டிருந்தார், நான்காம் நாள் வீட்டிலிருந்து கை வைத்ததைப் போட்டு வந்தார். கேரவனில் சட்டையை மாட்டும்போது யாரும் கவனிக்கவில்லை. தண்ணீர் தெளித்த பிறகுதான் தோளில் தையல் கோடு தெரிந்தது. அன்றிலிருந்து பனியனும் எங்கள் பெட்டியில்.

வியர்வையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நடிகர் எப்போது எவ்வளவு வியர்க்கிறார் என்பது கடிகாரத்தைப் பொறுத்தது. பாத்திரம் எவ்வளவு வியர்க்க வேண்டும் என்பது கதையைப் பொறுத்தது. இரண்டும் ஒத்துப்போகிற நாள் அபூர்வம். ஆட்டத்தை எடுத்தது பகல் இரண்டு மணிக்கு, முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அகலத்துக்கு நனைந்திருந்தது. அதன் குளோசப் நான்காம் நாள் காலை ஏழரைக்கு. ஆள் அப்போதுதான் குளித்து வந்த மாதிரி இருந்தார். அதனால் வியர்வைக்கு மூன்று நிலை வைத்துக்கொண்டோம்: ஆட்டத்துக்கு முன், ஆட்டத்தின்போது, சண்டையில். ஒவ்வொரு நிலைக்கும் முகம், அக்குள், முதுகு என்று மூன்று படம்.

துணியில் வெறும் தண்ணீர்தான் ஸ்பிரே. மே மாத வெயிலில் சில நிமிடம்கூட நிற்காது, ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் தெளிக்க வேண்டும். முகத்துக்குக் கிளிசரினும் தண்ணீரும் சரிபாதி. கிளிசரின் ஆவியாகாது என்பதால் துளி துளியாக நிற்கும். அதையே துணியில் அடித்தால் எண்ணெய்க் கறை மாதிரி பிசுபிசுப்பாகத் தங்கிவிடும். தெரியாமல் ஒருமுறை அடித்தேன். 3-ஆம் நம்பர் சட்டை அன்று மதியம் வரை கொடியில்.

வியர்வை அதிகமாகிற நேரமும் உண்டு, அதுதான் கஷ்டம். அக்குளில் பேட் வைக்கலாம், பிடரியில் குளிர்ந்த துண்டு போடலாம், காய்ந்த சட்டைக்கு மாற்றலாம். நனைந்ததைக் காயவைத்துத் திரும்பப் போட்டால் மட்டும் ஈரம் இருந்த இடத்தைச் சுற்றி உப்புக்கோடு வெள்ளையாக நிற்கும். வெள்ளைச் சட்டையில் தப்பிக்கலாம். கறுப்பிலும் நீலத்திலும் அந்தக் கோடு பளிச்சென்று தெரியும்.

அக்கா மகளாக நடித்த பெண்ணின் முகத்தை மேக்கப் அக்கா பார்த்துக்கொண்டார். வியர்த்த முகத்தில் நேராகப் பவுடர் போட்டால் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். முதலில் டிஷ்யூவை ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது, அதன் மேல்தான் பவுடர். நெற்றிக் குங்குமம் முதல் நாள் மதியமே மூக்கு வரை வழிந்தது. அடுத்த நாளிலிருந்து சிவப்பு மேக்கப் பென்சிலால் வட்டம் போட்டு, அதன் மேல் குங்குமத்தை லேசாகத் தொட்டு வைத்தார். வட்டத்துக்கு அளவு, கண்மை டப்பா ஒன்றின் மூடி. மிச்ச நான்கு நாளும் அந்த மூடிதான்.

பெரிய தலைவலி வேறு. வெயிலில் நின்று நின்று அந்தப் பெண்ணின் கைகளும் மூக்குத்தண்டும் கறுத்துவிட்டன. அக்கா முதல் நாள் கலந்த ஃபவுண்டேஷனைக் கொஞ்சம் டப்பியில் எடுத்து வைத்திருந்தார். அதே கலவையைத்தான் நான்காம் நாள் முகத்தில் போட்டார். முகம் முதல் நாள் மாதிரியேதான் வந்தது, ஆனால் கை அதைவிடக் கறுப்பு. முகத்தைக் கைக்கு ஏற்ப மாற்றினால் போன ஷாட்டோடு ஒட்டாது. கடைசியில் கைக்கும் கழுத்துக்கும் சேர்த்துப் போட்டார், அரை மணி நேரம் கூடுதலாக ஆனது.

அப்போதுதான் என் படங்களின் இன்னொரு கோளாறும் தெரிந்தது. முதல் நாள் படம் சிலவற்றைப் பந்தலின் மஞ்சள் துணிக்கு அடியில் எடுத்திருந்தேன், தோல் முழுக்க மஞ்சளடித்திருந்தது. சிலவற்றில் போன் தானாகவே முகத்தை மெழுகியிருந்தது. நிறத்துக்கு அந்தப் படங்களை நம்ப முடியாது. அதற்கப்புறம் ஒரே மர நிழல், அழகூட்டும் வசதி எல்லாம் அணைத்து, முகத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள். தாள் மஞ்சளாகத் தெரிந்தால் படமும் மஞ்சள் என்று புரிந்துவிடும். அந்தத் தாளிலேயே சீன் நம்பரும் சட்டை நம்பரும். நடிகர்கள் அனுப்பும் செல்ஃபியை எடுத்துக்கொள்வதில்லை. சில போனில் இடம் வலமாகத் திரும்பிச் சேமிக்கும், வகிடு மாறிவிடும்.

ஒவ்வொரு ஷாட்டுக்கும் உள்ளே போகும்போது ஒன்று, கட் ஆனதும் யாரும் துண்டை நீட்டுவதற்கு முன் ஒன்று. `42_MAMA_S2_OUT` என்று பெயர் போட்டு வைப்பேன்: நாற்பத்திரண்டாவது சீன், மாமா, இரண்டாம் சட்டை, வெளியே வரும்போது. அடுத்த ஷாட்டுக்கு வேண்டியது பெரும்பாலும் இந்த `OUT` படம்தான்.

படம் வெளியானபோது மதியக் காட்சிக்குப் போனேன். சட்டை நன்றாகவே ஒட்டியிருந்தது, எந்த ஷாட் எந்த நம்பர் என்று எனக்கே சொல்ல முடியவில்லை. சண்டையில் மாமா திரும்பி நடக்கும் ஷாட் வந்தது, ஐந்தாம் நாள் எடுத்தது. அதற்கு முந்தைய ஒய்டில் வேட்டியின் கீழ்க்கரை சேறும் மஞ்சளுமாகக் கணுக்காலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதில் காய்ந்து, காற்றில் பறக்கிறது. இரவு வீட்டுக்கு வந்து போனில் தேடிப் பார்த்தேன். அன்று எடுத்த எல்லாப் படத்திலும் மாமா முழங்காலோடு முடிந்திருந்தார்.